குரூப்பை "டேக் செய்தால் மட்டும்" என்று வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியுமா?

கிடங்குமேசை | 2025 ஜூன் 9, இரவு 9:40

எங்கள் அனுப்புகைப் பிரிவின் வாட்ஸாப் குரூப்பில் 60 பேருக்கு மேல் இருக்கிறோம். வண்டி எங்கே வருகிறது, பில் போட்டாச்சா, கேட் பாஸ் யார் கையில் இருக்கிறது, சரி, ஓகே, கட்டைவிரல் என்று பகல் முழுக்க போன் அதிர்ந்துகொண்டே இருக்கும். அதில் நான் பதில் சொல்ல வேண்டியது மிகக் கொஞ்சம். ஒவ்வொரு அதிர்வுக்கும் போனை எடுத்துப் பார்த்தால் சரக்கு எண்ணிக்கை பாதியில் விட்டுப்போகிறது, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கிறது.

என்னை டேக் செய்தாலோ, என் மெசேஜுக்கு ரிப்ளை செய்தாலோ மட்டும் போன் குரல் கொடுக்கட்டும் என்று வைக்க நினைக்கிறேன். குரூப்பை மியூட் செய்யவே கூடாது என்கிறார் மேற்பார்வையாளர். மியூட் செய்தால் டேக் வருமா வராதா? வருமென்றால் அதை நம்பி வேலை பார்க்கலாமா?

பத்துமணி | ஜூன் 9, இரவு 9:58

மியூட்னா மியூட்தான், எதுவும் வராது. இப்ப புதுசா Highlights என்று ஒன்று வந்திருக்கிறது. குரூப் தகவலுக்குள் போய் Notify for என்பதில் அதை வையுங்கள். டேக்கும் ரிப்ளையும் மட்டும் வரும். வேலை முடிந்தது.

ஓரச்சாளரம் | ஜூன் 9, இரவு 11:15

பத்துமணி சொன்னதில் வழி சரி, விளக்கம் சரியில்லை. எங்கள் அலுவலகத்தில் இதையே பலருக்கு அமைத்துக் கொடுத்திருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மியூட். வாட்ஸாப்பில் ஒரு குரூப்பை மியூட் செய்தாலும் உங்களை டேக் செய்தால் அறிவிப்பு வரும், உங்கள் மெசேஜைக் குறிப்பிட்டு ரிப்ளை செய்தாலும் வரும். 8 மணி நேரம், 1 வாரம், Always என்று மூன்று தேர்வுகள் இருக்கும். கிடங்குமேசை கேட்பது Always. ஆர்க்கைவ் செய்த குரூப்புக்கும் இதே கதைதான்.

அடுத்தது Highlights. 2025 ஏப்ரலில் அறிவித்தது. டேக், ரிப்ளை இரண்டோடு, உங்கள் போனில் பெயர் சேமித்து வைத்திருக்கும் ஆட்களின் மெசேஜ்களும் இதில் வரும். இந்த மூன்றாவதைத்தான் பத்துமணி விட்டுவிட்டார். பெரிய குடியிருப்பு குரூப், பழைய மாணவர் குரூப் போன்றவற்றில் பாதிப் பேரின் எண் நம்மிடம் இருக்காது, அங்கே Highlights நன்றாகவே அமைதி தரும். வேலைக் குரூப் அப்படியில்லை. கூட வேலை செய்கிற எல்லோரையும் சேமித்துத்தான் வைத்திருப்போம். அங்கே Highlights வைத்தாலும் ஏறத்தாழ எல்லாமே ஒலிக்கும். "வைத்தேன், ஒன்றும் குறையவில்லை" என்று சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. நீங்கள் எண் சேமித்திருக்கும் ஒருவரை மூன்று மெசேஜ் போடச் சொல்லுங்கள்: ஒன்று வெறுமனே, ஒன்று உங்களை டேக் செய்து, ஒன்று உங்கள் பழைய மெசேஜ் ஏதாவது ஒன்றுக்கு ரிப்ளையாக. போனைப் பூட்டி மேசையில் வைத்துவிடுங்கள். குரூப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தால் எதுவும் ஒலிக்காது, தப்பான முடிவுக்கு வருவீர்கள். முதல் மெசேஜுக்குப் போன் ஒலித்தால் நீங்கள் இருப்பது Highlights அல்லது All. பின்னிரண்டுக்கு மட்டும் ஒலித்தால் நீங்கள் கேட்டது அமைந்துவிட்டது.

மழைமேகம் | ஜூன் 10, காலை 7:20

எனக்கும் இதே பிரச்சினை. மியூட் செய்தால் அது மேலாளருக்குத் தெரியுமா? நீல டிக் வராமல் இருக்க என்ன செய்வது?

ஓரச்சாளரம் | ஜூன் 10, காலை 8:05

மழைமேகம், நீங்கள் கேட்பது வேறு விஷயம், ஆனால் இதோடு ஒட்டியது. மியூட் செய்தது யாருக்கும் தெரியாது. குரூப்பில் எல்லோரும் படித்த பிறகுதான் டிக் நீலமாகும், அதனால் டிக்கைப் பார்த்து ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மெசேஜ் போட்டவர் அதன் தகவலைத் திறந்தால் படித்தவர் யார், போய்ச் சேர்ந்தும் படிக்காதவர் யார் என்று தனித்தனியாகத் தெரியும். மியூட் செய்துவிட்டு மதியம் வரை குரூப்பைத் திறக்காவிட்டால் உங்கள் பெயர் இரண்டாவது பட்டியலிலேயே நிற்கும். சில மேலாளர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

மழைமேகம் | ஜூன் 10, காலை 8:11

எங்கள் மேலாளர் கட்டாயம் பார்ப்பார். சரி, நன்றி.

கிடங்குமேசை | ஜூன் 10, இரவு 10:02

மூன்று மெசேஜ் சோதனை செய்தேன். வெறும் மெசேஜுக்குச் சத்தமில்லை, டேக்குக்கு வந்தது, ரிப்ளைக்கும் வந்தது. இன்று எண்ணிக்கையை முழுதாக ஒரே மூச்சில் முடித்தேன். இவ்வளவு எளிது என்று தெரியாமல் ஆர்க்கைவ் செய்யலாமா, குரூப்பை விட்டே வெளியேறலாமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்துமணி | ஜூன் 11, மதியம் 1:30

நானும் சோதித்தேன். ஓரச்சாளரம் சொன்னது சரி, Highlights-இல் எல்லாம் ஒலிக்கிறது. ஆனால் மியூட்டுக்கு மாற்றியபின் எங்கள் ஸ்டோர் ஆள் டேக் செய்தால் மட்டும் எனக்கு வரவில்லை. மற்றவர்கள் டேக் செய்தால் வருகிறது. இது ஏன்?

ஓரச்சாளரம் | ஜூன் 11, மதியம் 2:10

அந்த ஸ்டோர் ஆளின் தனி அரட்டையை எப்போதாவது மியூட் செய்து வைத்தீர்களா? குரூப் மியூட்டில் இருக்கும்போது, டேக் செய்கிறவரின் தனி அரட்டையும் மியூட்டில் இருந்தால் அவர் போடும் டேக் ஒலிக்காது.

பத்துமணி | ஜூன் 11, மதியம் 2:14

ஆமாம்! தினமும் காலையில் பூப்படம் அனுப்புவார், அதற்காக எப்போதோ மியூட் செய்தது. எடுத்துவிட்டேன், இப்போது வருகிறது. பூவும் வரும், பரவாயில்லை.

கிடங்குமேசை | ஜூன் 17, இரவு 10:30

நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அமைப்பு சரியாக வேலை செய்கிறது, சோதனையிலும் தேறியது. அப்படியிருந்தும் இன்று ஒரு வண்டி ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாசலில் நின்றது. என் போன் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. இரவு உட்கார்ந்து குரூப்பை மேலிருந்து படித்தேன். நடந்தது இதுதான்.

10:12-க்கு மேற்பார்வையாளர் ஒரு வாய்ஸ் நோட் போடுகிறார். மூன்றாம் வாசல் வண்டியின் பில்லில் எடை தப்பாக இருக்கிறது, மாற்றித் தரவேண்டும் என்று அதில் சொல்கிறார், என் பெயரையும் வாயால் சொல்கிறார். 10:15-க்கு வாசலில் இருப்பவர் "இதை யார் பார்க்கிறது?" என்று எழுதுகிறார். 10:16-க்குப் பில் பிரிவிலிருந்து ஒருவர் அந்தக் கேள்விக்கு ரிப்ளையாக "கிடங்கு மேசையில் சொல்லுங்க" என்கிறார். 10:31-க்கு இன்னொருவர் "சொல்லியாச்சா?" 10:33-க்கு யாரோ கட்டைவிரல் போடுகிறார். 11:05-க்கு ஓட்டுநர் நேரில் என் மேசைக்கு வந்து நிற்கிறார்.

ஒவ்வொன்றும் ஏன் என்னிடம் வரவில்லை என்று யோசித்தேன். வாய்ஸ் நோட்டில் என் பெயர் இருக்கிறது, ஆனால் வாயால் சொன்ன பெயர் டேக் ஆகாது. "யார் பார்க்கிறது" என்பதில் பெயரே இல்லை. பில் பிரிவுக்காரர் முறையாக ரிப்ளைதான் போட்டார், ஆனால் அந்த ரிப்ளை கேள்வி கேட்டவரின் மெசேஜுக்கு. அதனால் ஒலித்தது கேட்டவரின் போன். பேச்சு என்னைப் பற்றியது, அறிவிப்பு போனது அவருக்கு. "கிடங்கு மேசை" என்பது நான் செய்கிற வேலையின் பெயர், குரூப்பில் அப்படி ஓர் ஆள் கிடையாது. "சொல்லியாச்சா" என்று கேட்டபோது, சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

நான்கு பேர் என்னைத்தான் குறித்தார்கள், ஒருவர்கூட என்னைத் தொடவில்லை. முன்பெல்லாம் அந்த ஓயாத சத்தத்தில் எப்படியோ என் கண்ணில் பட்டுவிடும். இப்போது படாது. இதற்கு என்ன செய்வது?

பொறுப்பாளர்_2 | ஜூன் 17, இரவு 11:20

நான் மறுபக்கத்தில் இருப்பவன், குரூப்பில் வேலை சொல்கிறவன். எங்கள் நிலையையும் கேளுங்கள். கையில் பட்டியல், காதில் இன்னொரு போன். டைப் செய்ய நேரமில்லாமல்தான் வாய்ஸ் நோட் போடுகிறோம். ஒரு வேலைக்கு ஐந்து பேர் சம்பந்தப்பட்டால் ஐவரையும் தேடித்தேடி டேக் செய்யவா முடியும்? குரூப் என்று வைத்திருப்பதே எல்லோரும் பார்ப்பதற்குத்தான். ஒவ்வொருவரும் மியூட் செய்துவிட்டு "என்னை டேக் செய்யவில்லை" என்றால், பார்க்க வேண்டிய பொறுப்பு அப்படியே எங்கள் தலையில் வந்து விழுகிறது.

கிடங்குமேசை | ஜூன் 18, காலை 6:50

அது நியாயமான கேள்வி. ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள் என்பதும் உண்மையில்லை. நேற்று மியூட் செய்யாத 50 பேர் அந்த வாய்ஸ் நோட்டைப் பார்த்தார்கள். ஒருவரும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஓரச்சாளரம் | ஜூன் 18, காலை 9:25

இருவர் சொல்வதும் சரி. வாய்ஸ் நோட்டுக்கு ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வாய்ஸ் நோட்டில் டேக் போட இடமில்லை. ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர் கடைசியாகப் போட்ட மெசேஜைத் தள்ளி ரிப்ளை திறந்து, அப்புறம் மைக்கை அழுத்திப் பேசினால் அந்த வாய்ஸ் நோட் அவருக்கு ரிப்ளையாகப் போகும், அவர் போன் ஒலிக்கும். ஒரே ஒரு தள்ளல்தான் கூடுதல். ஒருவருக்குச் சொல்ல இது போதும். இரண்டு மூன்று பேர் என்றால் பேசி முடித்ததும் கீழே ஒரு வரியில் டேக் மட்டும் போடுவது நல்லது. படமாக இருந்தால் படத்தின் கீழ்வரியிலேயே டேக் போடலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். @ போட்டுப் பெயரைக் கையால் முழுக்க அடித்தால் அது டேக் ஆகாது. மேலே வரும் பட்டியலில் பெயரைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அனுப்பிய பிறகு பெயர் வேறு நிறத்தில் தெரிந்தால் டேக் ஆகியிருக்கிறது. மற்ற எழுத்துகளைப் போலவே கறுப்பாக இருந்தால் வெறும் எழுத்துதான். வேகமாக அடிக்கிறவர்கள் அடிக்கடி இதில் தவறவிடுகிறார்கள்.

பொறுப்பாளர்_2 | ஜூன் 18, மதியம் 12:40

ரிப்ளை திறந்து பேசுவது எனக்குத் தெரியாது. இன்று காலையிலிருந்து செய்து பார்த்தேன், நடக்கிறது. ஆனால் காலையிலிருந்து குரூப்பில் ஒன்றுமே எழுதாத ஆளின் மெசேஜைத் தேடி மேலே போக வேண்டியிருக்கிறது. அமைதியான ஆட்களுக்கு இது உதவாது.

கிடங்குமேசை | ஜூன் 18, இரவு 9:15

இதற்காகவே இன்று ஒன்று செய்தேன். ஷிஃப்ட் தொடங்கும்போது குரூப்பில் "கிடங்கு மேசையில் இருக்கிறேன், பில் எடை மாற்றம் என்னிடம்" என்று ஒரு வரி போட்டேன். யாராவது என்னிடம் சொல்ல நினைத்தால் அந்த வரிக்கு ரிப்ளை போட்டால் போதும். காலையில் இரண்டு ரிப்ளை வந்தது, இரண்டும் ஒலித்தது. மதியத்துக்கு மேல் அந்த வரி நூறு மெசேஜுக்கு மேலே போய்விட்டது, அதனால் மறுபடி ஒருமுறை போட்டேன்.

நெசவாளி_நிரல் | ஜூன் 19, காலை 10:30

நாங்கள் ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியைப் பயன்படுத்துகிறோம். கிடங்குமேசைக்கு நேர்ந்த "வேலையின் பெயரைச் சொன்னார்கள், ஆளைச் சொல்லவில்லை" என்ற சிக்கலுக்கு அங்கே தீர்வு இருக்கிறது. அறிவிப்பு அமைப்பில் My keywords என்ற பெட்டியில் உங்கள் பெயர், பிரிவின் பெயர், நீங்கள் பார்க்கும் வேலைக்கான சொல் என்று காற்புள்ளி போட்டு அடித்து வைத்தால், சேனலில் யாராவது அந்தச் சொல்லை எழுதினாலே டேக் செய்ததுபோல அறிவிப்பு வரும். நான் வைத்திருப்பது இப்படி:

```
billing, invoice, பில், பில் திருத்தம்
```

ஆனால் சொல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் "error" என்று வைத்திருந்தேன். தானாக வரும் எச்சரிக்கைச் செய்தி ஒவ்வொன்றிலும் அந்தச் சொல் இருந்ததால் பழையபடி ஓயாத சத்தம். எடுத்துவிட்டு, எங்கள் குழு மட்டுமே பயன்படுத்தும் சொற்களாக வைத்தேன், அமைதியானது. வாட்ஸாப்பில் இப்படிச் சொல் வைக்க வழியில்லை.

இரவுஷிஃப்ட் | ஜூன் 20, அதிகாலை 3:40

ஸ்லாக் என்றதும் எழுதத் தோன்றியது. எங்கள் சேனலில் எல்லோரும் Mentions என்றுதான் வைத்திருக்கிறோம். பகல் ஆட்கள் வேலை ஒப்படைக்கும்போது @here போட்டு எழுதுவார்கள். நான் அப்போது இன்னும் கணினியைத் திறந்திருக்க மாட்டேன், எனக்கு ஒன்றும் வராது. இரவு வந்து மேலே தேடிப் படிக்க வேண்டும். எனக்கு மட்டும் ஏதோ கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓரச்சாளரம் | ஜூன் 20, காலை 9:00

கோளாறு இல்லை. @here என்பது அந்த நேரத்தில் ஸ்லாக்கில் செயலில் இருப்பவர்களுக்கு மட்டும். சேனலில் இருக்கிற எல்லோருக்கும் போக வேண்டுமென்றால் @channel. கணினியை 10 நிமிடம் தொடாமல் விட்டாலே ஸ்லாக் ஆளை வெளியே போனதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அடுத்த ஷிஃப்டுக்கு எழுதுகிறவர் @here போட்டால் அது பெரும்பாலும் கிளம்பிக்கொண்டிருக்கும் ஷிஃப்டுக்குத்தான் கேட்கும். இரவு ஆட்களுக்கென்று ஒரு பயனர் குழு அமைத்து அந்தப் பெயரை டேக் செய்யச் சொல்லுங்கள், அதுவும் டேக்காகவே கணக்காகும்.

இரவுஷிஃப்ட் | ஜூன் 20, இரவு 11:50

பயனர் குழு கேட்டிருக்கிறேன். அதை அமைக்கும் அனுமதி எங்கள் யாரிடமும் இல்லை, நிர்வாகத்தில் யாராவது செய்ய வேண்டும். அதுவரை @channel போடுகிறார்கள். இப்போது பகல் ஆட்களுக்கு, வீட்டுக்குப் போன பிறகும் ஒலிக்கிறதாம்.

நெசவாளி_நிரல் | ஜூன் 21, காலை 11:10

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எழுதி அனுப்பிய மெசேஜைத் திருத்தி அதில் டேக் சேர்த்தால் ஸ்லாக்கில் அறிவிப்பு போகாது. எங்கள் குழுவில் இது வழக்கமாக நடக்கும்: எழுதிவிடுவார், ஐயோ டேக் போடவில்லையே என்று திருத்திச் சேர்ப்பார், டேக் பளிச்சென்று தெரியும், ஆனால் அந்த ஆளுக்கு ஒன்றும் போயிருக்காது. இருவரும் திரையைக் காட்டிச் சண்டை போடுவார்கள். புதிதாக இன்னொரு மெசேஜில்தான் டேக் போட வேண்டும்.

பத்துமணி | ஜூன் 23, இரவு 8:00

எங்கள் குரூப்பில் இப்போது தலைகீழ். நான் இங்கே படித்ததைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் எல்லோரையும் டேக் செய்கிறார்கள். "தகவலுக்கு" என்று பத்துப் பேர் பெயர் வரிசையாக வருகிறது. மியூட் செய்ததன் பலனே போய்விட்டது.

கிடங்குமேசை | ஜூன் 23, இரவு 10:20

எங்களிடமும் அந்த வாடை அடிக்கத் தொடங்கியது. நேற்று மேற்பார்வையாளரிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் இன்னமும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்றார். செய்ய வேண்டிய வேலை இருக்கிற ஆளை மட்டும் டேக் செய்வது, தெரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு வெறும் மெசேஜ் போதும். டேக் வந்தால் கால் மணிக்குள் ஏதாவது ஒரு பதில் வைக்க வேண்டும், "பார்க்கிறேன்" என்றாவது. பதில் வராவிட்டால் மறுபடி டேக் போடாமல் நேரே போன் செய்துவிட வேண்டும். வாசலில் வண்டி நிற்கிற விஷயம் என்றால் முதலிலேயே போன்தான், குரூப்பில் எழுதுவது பதிவுக்கு மட்டும்.

நானும் ஒரு வாக்குக் கொடுத்தேன். ஷிஃப்ட் தொடங்கும்போதும், சாப்பாட்டுக்கு முன்பும், கிளம்பும் முன்பும் குரூப்பை மேலிருந்து கீழ்வரை படிப்பேன். மழைமேகம் கேட்ட படித்தவர் பட்டியல் விஷயமும் இதில் தீர்ந்துவிடும்.

எந்த வேலைக்கு யாரைக் கேட்பது என்ற பட்டியலைக் குரூப்பின் விளக்கத்தில் எழுதிவிட்டோம். மெசேஜாகப் பின் செய்யலாம் என்றார்கள், ஆனால் பின் அதிகம் போனால் 30 நாள்தான் நிற்கும். விளக்கத்தில் எழுதினால் யாராவது மாற்றும்வரை இருக்கும்.

பொறுப்பாளர்_2 | ஜூன் 24, காலை 7:45

கால் மணி என்பது எனக்கு அதிகம். நீங்கள் கொடுத்த வாக்கு நல்லது, எல்லோரும் காப்பாற்றுவார்களா என்பதுதான் என் கவலை. வேலை சொல்கிற எங்களைப் பொறுத்தவரை குரூப் முழுக்க ஒலிக்க வேண்டும். நான் என் போனில் மியூட் செய்யப்போவதில்லை, மற்றவர்களை இனித் தடுக்கவும் மாட்டேன்.

ஓரச்சாளரம் | ஜூன் 24, காலை 9:30

அது சரியான பிரிப்பு என்றே நினைக்கிறேன். குரூப்பில் யாருக்கும் சொந்தமில்லாமல் வந்து விழும் கேள்வியை எடுத்து ஆளிடம் சேர்க்க ஒருவராவது முழு அறிவிப்போடு இருக்கத்தான் வேண்டும். "இதை யார் பார்க்கிறது?" என்ற கேள்விக்கு எந்த அமைப்பாலும் ஆள் பிடித்துத் தர முடியாது. ஷிஃப்டுக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம், எப்போதும் ஒரே ஆள் தலையில் கட்டக்கூடாது.

மழைமேகம் | ஜூன் 26, காலை 8:30

ஒரு உதவி. மூன்று மெசேஜ் சோதனை செய்தேன், ரிப்ளை வருகிறது, டேக் வரவில்லை. யாருடைய தனி அரட்டையும் மியூட்டில் இல்லை. பெயர் நிறம் மாறித்தான் இருக்கிறது.

ஓரச்சாளரம் | ஜூன் 26, காலை 8:50

குரூப்பில் உங்கள் எண் இரண்டு இருக்கிறதா? பழைய எண், புதிய எண் என்று?

மழைமேகம் | ஜூன் 26, காலை 9:05

இருக்கிறது. எண் மாற்றியபோது புதியதைச் சேர்த்தார்கள், பழையதை எடுக்கவில்லை. டேக் செய்தவரின் போனில் பார்த்தேன், @ போட்டதும் என் பெயர் இரண்டு முறை வருகிறது, அவர் மேலே இருப்பதைத் தொடுகிறார். அந்த சிம் இப்போது என் தம்பியிடம் இருக்கிறது, அவனுக்குத்தான் இத்தனை நாளாக வந்துகொண்டிருக்கிறது. அட்மினிடம் சொல்லி எடுக்கச் சொல்கிறேன்.